இரவில் தூங்குகிறாள்

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் முதல் வருடம் நான் கல்வி உளவியலில் தோற்றேன். தோற்ற பாடத்தின் பெயரைச் சொன்னால் இன்றும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். குழந்தைகளின் மனம் எப்படிக் கற்கிறது, கற்றதை எப்படி வைத்துக்கொள்கிறது, எப்படி மறக்கிறது என்று சொல்லித்தரும் பாடம் அது. அதைத்தான் நான் மறந்துபோய்த் தோற்றேன்.

பள்ளி அரியலூரில் இருந்தது. எங்கள் ஊர் உடையார்பாளையத்திலிருந்து உள்ளே தள்ளி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில். அப்பாவும் அம்மாவும் அந்தத் தோப்புகளில் கூலிக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பஸ் ஏறி வெளியூருக்குப் படிக்கப் போன முதல் ஆளும், விடுதியில் தங்கிய முதல் ஆளும் நான்தான். ஆகையால் பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. மற்ற பெண்கள் எப்படிப் படித்தார்களோ அப்படியே நானும் படித்தேன். அவர்கள் ராத்திரியில் படித்தார்கள்.

உளவியல் பரீட்சைக்கு முந்தின இரண்டு இரவும் நான் படுக்கவே இல்லை. தூக்கம் வந்தபோதெல்லாம் குழாயடியில் போய் முகம் கழுவினேன். கடுங்காப்பி குடித்தேன். விடிந்தபோது புத்தகம் முழுவதும் தலைக்குள் இருப்பதாகத்தான் நினைத்தேன். பரீட்சை அறையில் மறத்தல் வரைகோட்டை வரைந்து விளக்கச் சொல்லி ஒரு கேள்வி. பக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. இடப்பக்கம், மேல் பாதி, பென்சில் அடிக்கோடு, ஓரத்தில் காப்பிக் கறை. எழுத்து மட்டும் தெரியவில்லை.

ஏதோ ஒரு கோட்டை வரைந்தேன். உண்மையில் அந்தக் கோடு முதலில் சரசரவென்று கீழே விழும், பிறகு மெதுவாகச் சரியும். கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலுமே நழுவிவிடுகிறது, மிச்சம் இருப்பது நாள்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது என்று அர்த்தம். நான் வரைந்தது தலைகீழ். என் கோட்டின்படி, படித்தது பல நாள் அப்படியே இருந்துவிட்டு ஒருநாள் தடாலென்று விழ வேண்டும். அது நிஜமாக இருந்திருந்தால் எனக்கு அந்தக் கோடே மறந்திருக்காது.

நாலாவது கேள்விக்கு ஐந்தாவது கேள்வியின் பதிலை எழுதினேன். அதை விடைத்தாளைக் கொடுத்த பிறகுதான் கவனித்தேன். ஒன்று மட்டும் அப்போதே உறுத்தியது. இரண்டு மாதம் முன்பு நிதானமாகப் படித்திருந்த ஒரு பாடத்திலிருந்து வந்த கேள்விக்கு, யோசிக்காமல் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அந்த இரண்டு இரவில் படித்தவைதான் ஒன்றுகூட முழுசாக வரவில்லை.

முடிவு வந்ததும் வீட்டில் பேச்சு எழுந்தது. தங்கை அப்போது ஏழாவது முடித்து எட்டாவதுக்குப் போகிறாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு முடிந்துவிடும். ஒன்பதாவது படிக்க ஜெயங்கொண்டத்துக்குப் பஸ்ஸில் போக வேண்டும். சித்தப்பா அப்பாவிடம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"பெரியவ படிச்சுக் கிழிச்சது போதாதா? அடுத்த வருசமும் இவ கோட்டை விட்டா, சின்னவள எட்டோட நிறுத்திடு. தோப்புக்கு ஆள் பத்தல."

அப்பா பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தங்கை தட்டைக் கழுவப் போகிறவள் மாதிரி எழுந்து வெளியே போனாள். நான் சித்தப்பாவைப் பார்த்து, அடுத்த வருஷம் பாஸ் செய்து காட்டுகிறேன் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. முந்தின வருஷம் இரண்டு ராத்திரி விழித்தேன், இந்த வருஷம் பத்து ராத்திரி விழிப்பேன் என்பதைத் தவிர வேறு திட்டம் இல்லை.

அந்த வருஷம் எங்கள் பள்ளியில் தோற்றவர்கள் அதிகம். வார்டன் மேடம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எங்கள் பெயர்களை வரிசையாக எழுதி, பக்கத்தில் மூன்று கட்டங்கள் போட்டார். பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நான்கு மணி. பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போதிலிருந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும், அந்தந்த மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முழிப்பு நோட்டு என்று நாங்களே பெயர் வைத்தோம். மூன்று கையெழுத்தும் போட்டவள் நல்ல பெண். ஒரு கட்டம் காலியாக இருந்தால் காலைப் பிரார்த்தனையில் பெயரைப் படிப்பார்.

ஒரு வாரத்தில் பெண்கள் அந்த நோட்டுக்குப் பழகிவிட்டார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்து, சுவரில் சாய்ந்து, கண் பாதி திறந்தபடி தூங்கக் கற்றுக்கொண்டார்கள். என் அறைத் தோழி லெப்பைக்குடிக்காட்டுக்காரி. அவளும் என்னைப் போலவே உளவியலில் தோற்றவள். வளைகுடாவிலிருந்து அவள் அத்தா கொண்டுவந்து கொடுத்த அலாரம் டைம்பீஸ் ஒன்று வைத்திருந்தாள். அதை ஒவ்வொரு கையெழுத்து நேரத்துக்கும் ஐந்து நிமிடம் முன்பு அடிக்கும்படி திருப்பி வைப்பாள். அலாரம் அடித்ததும் கூடமே ஒரே சமயத்தில் பக்கம் புரட்டும். அந்தக் கையெழுத்துகளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். பன்னிரண்டு மணிக் கையெழுத்து எங்கள் பெயர். நாலு மணிக் கையெழுத்து ஒரு புழு ஊர்ந்த தடம்.

பகலில் வகுப்பில் எல்லோருக்கும் தலை தொங்கியது. மாதிரிப் பாடம் எடுக்கப் போன இடத்தில், நானே கரும்பலகையில் ஏழும் எட்டும் பதினாலு என்று எழுதினேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்தான் திருத்தினார்கள்.

இரண்டாவது வாரம் ஒரு இரவு. இரண்டாம் வருஷத்துக்கு வந்துவிட்ட நானும் தோழியும், விட்டுப்போன உளவியலுக்காக முதல் வருஷப் பெண்களோடு சேர்ந்து நினைவு, மறதி என்ற நாலாம் பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தோம். ஒருத்தி ஒரு வரி படிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்வது வழக்கம். இரண்டு மணிக் கையெழுத்து முடிந்திருந்தது. படித்தவள் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்தாள்: "கற்றபின் உறங்குவது மறதியைக் குறைக்கும்." நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, சுருதி சேர்த்து, திருப்பிச் சொன்னோம்: "கற்றபின் உறங்குவது மறதியைக் குறைக்கும்." அவள் அடுத்த வரிக்குப் போனாள்: "ஒரே மூச்சில் கற்பதைவிட இடைவெளி விட்டுக் கற்பதே நினைவில் நிலைக்கும்." அதையும் சொன்னோம். மூன்று தடவை சொன்னோம்.

மூன்றாவது தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. தோழி என்னடி என்றாள். என்ன சொல்றோம்னு கேட்டுப் பாரேன் என்றேன். அவள் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. சத்தம் கேட்டு வார்டன் மேடம் வந்தார். என்ன சிரிப்பு என்று கேட்டார். நான் எழுந்து நின்று புத்தகத்தை நீட்டினேன்.

"தூங்கினாத்தான் படிச்சது நிக்கும்னு இதுல போட்டிருக்கு மேடம். நாம முழிச்சுக்கிட்டு அதைப் படிக்கிறோம்."

அவர் புத்தகத்தை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"அது பரீட்சையில எழுதறதுக்குப் போட்டிருக்கும்மா. செய்யறதுக்கு இல்ல. உக்காரு."

நான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் உட்காரவில்லை. நாளை நான் டீச்சராகி நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கப் போகிறேன். நான் படித்தது எழுதுவதற்கு மட்டும் என்றால் எதற்கு அப்பா என்னைத் தோப்புக்கு அனுப்பாமல் இங்கே அனுப்பினார்? புத்தகத்தில் இருப்பது பொய் என்றால் அதை ஏன் படிக்க வேண்டும்? உண்மை என்றால் ஏன் செய்யக் கூடாது? நான் எழுந்து அறைக்குப் போய்ப் படுத்தேன். நாலு மணிக் கட்டம் காலியாக இருந்தது.

மறுநாள் அந்தப் பாடத்தைப் பகல் வெளிச்சத்தில், முதல் தடவையாக, மனப்பாடம் செய்யாமல் படித்தேன். ஒரு அட்டவணை போட்டேன். ராத்திரி ஒன்பதரைக்குப் படுக்கை. காலை ஐந்துக்கு எழுந்திருப்பது. நாலு மணிக் கையெழுத்து முடிந்ததும் டைம்பீஸை ஐந்துக்குத் திருப்பி என் தலைமாட்டில் வைக்கும்படி தோழியிடம் கேட்டுக்கொண்டேன். குழாயில் கூட்டம் சேர்வதற்குள் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை நடுவில் சாப்பாட்டு நேரம் போக மிச்சம். ஒரு நாளைக்குப் புதிதாக ஒரே ஒரு பாடம். மறுநாள் காலை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, முந்தின நாள் பாடத்தில் நினைவுக்கு வருவதையெல்லாம் பழைய நோட்டில் எழுதுவேன். எழுதி முடித்த பிறகுதான் புத்தகத்தைத் திறந்து, விட்டதைப் பார்ப்பேன். அதே பாடம் மூன்று நாள் கழித்து மறுபடி. ஒரு வாரம் கழித்து மறுபடி. பிறகு இரண்டு வாரம் கழித்து ஒருமுறை. ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் அந்தத் தேதிகளைப் பென்சிலால் எழுதி வைத்தேன். உளவியல் கொஞ்சம், கணக்கு கற்பித்தல் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் படித்தேன்.

எளிதாக இருந்தது என்று சொன்னால் அது பொய். மூடிய புத்தகத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் ஆரம்பத்தில் நாலு வரிகூட வராது. திறந்த புத்தகத்தைப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். மூடினால்தான் தெரியாதது தெரியும். அவமானமாக இருக்கும். ஆனால் அப்படித் தேடி, தடுமாறி, பிறகு பார்த்துத் திருத்திய வரி அடுத்த முறை தானாக வந்தது.

படுப்பதும் எளிதல்ல. கூடத்து விளக்கு எங்கள் ஜன்னலில் விழும். முப்பது பேர் படிக்கும் முணுமுணுப்புக் கேட்கும். அவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள் என்று தோன்றும். கூடத்திலிருந்து, மகாராணி தூங்கியாச்சா, சாமரம் வீச ஆள் அனுப்பவா என்று குரல் வரும். நான் போர்வைக்குள்ளிருந்து, அனுப்புங்கடி, கொசு ஜாஸ்தியா இருக்கு என்பேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தை அவர்களுக்குக் காட்டுவதாக இல்லை.

பத்து நாள் என் கட்டங்கள் காலியாக இருந்தன. காலைப் பிரார்த்தனையில் பத்து நாளும் என் பெயர் படிக்கப்பட்டது. பதினோராவது நாள் வார்டன் மேடம் என் அப்பாவுக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டார்.

அதில் என்ன எழுதியிருந்தது என்பது பிறகு தெரிந்தது. ஒரே வரி. தங்கள் மகள் பரீட்சை நேரத்தில் இரவில் தூங்குகிறாள், உடனே வந்து பார்க்கவும். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தபால்காரர்தான் டீக்கடை முன்னால் நின்று படித்துக் காட்டியிருக்கிறார். எங்கள் ஊரில் யாருக்கும் அந்த வரி விளங்கவில்லை. விடியும் முன் தோப்புக்குப் போய் இருட்டும்போது திரும்புகிற ஊர் அது. ராத்திரி தூங்குகிறாள் என்று வேலை மெனக்கெட்டு யாராவது கார்டு போடுவார்களா? அதற்காக அப்பனை உடனே வரச் சொல்வார்களா? ஆகவே இது சாதாரணத் தூக்கமாக இருக்க முடியாது என்று முடிவு செய்தார்கள். எழுப்பினாலும் எழாத தூக்கம் என்றார் ஒருவர். காத்துக் கருப்பு என்றார் இன்னொருவர். தூக்க வியாதி என்று ஒன்று இருக்கிறது என்று தபால்காரரே சொன்னாராம்.

மறுநாள் காலை அப்பா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் விபூதிப் பொட்டலம், மந்திரித்த கயிறு, அம்மா கொடுத்தனுப்பிய ஏதோ கஷாயம். நான் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நான் நடப்பதையும் பேசுவதையும் நம்பாதவர் மாதிரி என் கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. விஷயத்தைச் சொன்னேன். ஒன்பதரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்திருக்கிறேன், அதுதான் வியாதி என்றேன்.

வார்டன் மேடம் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மற்றப் பெண்கள் எல்லாம் விடிய விடியப் படிக்கிறார்கள், போன வருஷம் தோற்ற உங்கள் பெண் மட்டும் தூங்குகிறாள் என்றார். அப்பா நின்றுகொண்டேதான் கேட்டார். துண்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் முழிச்சுதானுங்களே படிச்சுச்சு?"

ஆமாம் என்றார் மேடம்.

"அப்பத்தானுங்களே ஃபெயிலாச்சு?"

 இதெல்லாம் உங்களுக்குப் புரியாது என்றார் மேடம். அப்பா ஒப்புக்கொண்டார்.

"எனக்குப் படிப்பு தெரியாதுங்கம்மா. ராத்திரி தூங்காத ஆள வச்சு வேலை வாங்கினா, மறுநா கத்தியக் கால்ல போட்டுக்குவான். அதுதான் எனக்குத் தெரியும்."

கடைசியில் மேடம் ஒரு தாளை எடுத்து எழுதினார். என் மகள் இரவில் தூங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அவள் தேர்ச்சி பெறாவிட்டால் விடுதி பொறுப்பல்ல. நான்தான் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவது பாதியைப் படிக்கும்போது என் குரல் கொஞ்சம் இறங்கியது. அப்பா இடது கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தார்.

பஸ் ஏறும்போது அப்பா, சித்தப்பா சொன்னதில் மாற்றம் இல்லை என்று சொன்னார். நீ தூங்கு பாப்பா, ஆனா பாஸ் பண்ணிடு என்றார். அவர் போன பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை நான் தோற்றால் வார்டன் மேடம் சிரிப்பார் என்பதுதான் பயம். இப்போது அப்பாவின் கைநாட்டும் அதில் இருந்தது. தங்கையின் ஒன்பதாம் வகுப்பும் இருந்தது.

நாலாவது வாரம் ஒரு தடவை தடுமாறினேன். மறுநாள் கணக்கு கற்பித்தலில் ஒரு மாதிரித் தேர்வு. பயத்தில் எழுந்து கூடத்துக்குப் போய் விடியும்வரை படித்தேன். பெண்கள் கைதட்டி வரவேற்றார்கள். தேர்வில் எனக்குக் கிடைத்த மதிப்பெண் அந்த வருஷத்தில் நான் வாங்கியதிலேயே குறைவு. அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. தோழியும் மெல்ல மாறினாள். இரண்டு மணிக் கட்டத்தையும் நாலு மணிக் கட்டத்தையும் பன்னிரண்டு மணிக்கே நிரப்பிவிட்டு வந்து படுத்தாள். இது திருட்டுத்தனம் என்றேன். நீ வீராங்கனை, நான் தந்திரக்காரி, ரெண்டு பேரும் தூங்கறோம்ல என்றாள்.

உளவியல் பரீட்சைக்கு முந்தின நாள் நான் புதிதாக எதையும் தொடவில்லை. தலைப்புகளை மட்டும் ஓட்டிப் பார்த்து, எட்டு மணிக்குப் புத்தகத்தை மூடினேன். மறத்தல் வரைகோடு அந்த வருஷம் கேட்கவில்லை. அதற்குத்தான் நான் ஒரு வருஷமாகக் காத்திருந்தேன், கேட்கவில்லை. ஆனால் கேட்ட கேள்விகளுக்குப் பக்கமும் கறையும் கண்ணுக்கு வரவில்லை. விஷயம் வந்தது. புத்தகத்தின் வாக்கியம் வராத இடத்தில் என் வாக்கியத்தில் எழுதினேன். கேள்வியை இரண்டு தடவை படித்துவிட்டு எழுத எனக்குப் பொறுமை இருந்தது. எனக்கு முன் பெஞ்சில் மூன்று கையெழுத்தும் தவறாத ஒரு பெண், பாதித் தாளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். மேற்பார்வையாளர் வந்து எழுப்பினார். அவளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சோம்பேறி அல்ல. எங்கள் எல்லோரையும்விட அதிகம் உழைத்தவள் அவள்தான்.

முடிவு வர நாளாயிற்று. ஊரில் பள்ளிக்கூடம் திறந்து மூன்று வாரம் ஆகியும் தங்கை வீட்டில் இருந்தாள். அவள் தோப்புக்குப் போகவும் இல்லை, ஜெயங்கொண்டத்துக்குப் போகவும் இல்லை. தினமும் காலையில் பஸ் போகும் சத்தம் கேட்கும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒருநாள் நான் அரியலூர் போய்ப் பலகையைப் பார்த்தேன். இரண்டாம் வருஷப் பாடங்கள், விட்டுப்போன உளவியல், எல்லாமே தேர்ச்சி. உளவியலில் என் மதிப்பெண் முதல் ஐந்துக்குள் இருந்தது. தோழியும் தேறியிருந்தாள். தோற்றவர்களும் இருந்தார்கள், நோட்டில் அவர்கள் பெயருக்கு நேரே ஒரு கட்டமும் காலியாக இருந்ததில்லை.

வார்டன் மேடத்தைப் பார்த்துச் சொன்னேன். உனக்கு அதிர்ஷ்டம்மா என்றார். இல்லை மேடம், நாலாம் பாடத்தில் இருக்கிறது என்றேன். திமிர் என்று நினைத்திருப்பார். அது திமிர்தான். அந்தத் திமிருக்காக நான் நாலு வாரத்துக்கு மேல் ஒழுங்காகப் படித்திருந்தேன்.

மறுநாள் தங்கையைக் கூட்டிக்கொண்டு நானே ஜெயங்கொண்டம் போனேன். தாமதமாக வந்ததற்குத் தலைமையாசிரியர் காரணம் கேட்டார். வீட்டுப் பிரச்சினை என்றேன். சித்தப்பா தோப்புக்கு வேறு ஆள் தேடப் போனார். 

இது நடந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போன வாரம் தங்கைக்குக் காலாண்டுப் பரீட்சை. என் அட்டவணையை அவளுக்கு அழகாக எழுதிக் கொடுத்திருந்தேன். அவள் அதைப் புத்தக அட்டைக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, முந்தின ராத்திரி சிம்னி விளக்கை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"எங்க கிளாஸ்ல எல்லாரும் முழிச்சுதான் படிக்கிறாங்க. நான் மட்டும் தூங்கினா என்னய எல்லாரும் என்ன நெனப்பாங்க?"

நான் விளக்கை ஊதி அணைத்தேன். அவள் கத்தினாள். அம்மா அவள் பக்கம் பேசினாள். நான் டீச்சர் வேலைக்குப் பதிந்துவிட்டு வந்திருக்கும் ஆள் என்பதெல்லாம் எங்கள் வீட்டு இருட்டில் எடுபடவில்லை. ஆனால் தீப்பெட்டியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன், தரவில்லை. அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும். தேர்வுத்தாள் திருத்தி வரும் வரைக்கும் நானும் பேசுவதாக இல்லை.